மூக்கை இன்னும் தூக்கினால் விமானம் ஏன் கீழே இறங்குகிறது?

ஒரு வரைபடத்திலிருந்து தொடங்குவோம். கீழ் அச்சில் தாக்குகோணம், டிகிரிக் கணக்கில். பக்கவாட்டு அச்சில் தூக்குக் குணகம், அதாவது இறக்கை எவ்வளவு தூக்குகிறது என்பதைக் காட்டும் எண். இறக்கையின் வடிவத்தைப் பற்றிப் படிக்கிற எவரும் முதலில் பார்க்கும் படம் இதுதான். கோடு இடது கீழ் மூலையிலிருந்து, அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக மேலேறுகிறது. 10 டிகிரி வரை அப்படியே போகிறது. அப்புறம் கொஞ்சம் தளர்ந்து வளைகிறது. 16 டிகிரிக்குப் பக்கத்தில் உச்சியைத் தொட்டுவிட்டு, கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது.

அந்த உச்சியைத் தாண்டிய நிலைக்குத்தான் ஸ்டால் என்று பெயர். காரின் எஞ்சின் நின்றுபோவதையும் இதே சொல்லால் சொல்வதால் பலரும் குழம்பிப்போகிறார்கள். இங்கே எஞ்சினுக்கு வேலையே இல்லை. எஞ்சின் முழுச் சக்தியோடு ஓடிக்கொண்டிருக்கும்போதும் இறக்கை ஸ்டால் ஆகும். எஞ்சினே இல்லாத கிளைடரின் இறக்கையும் ஸ்டால் ஆகும். நடப்பதெல்லாம் இறக்கைக்கும் அதன்மேல் ஓடும் காற்றுக்கும் இடையில்தான்.

மேலே சொன்ன எண்கள் என்ஏசிஏ 2412 என்ற ஏர்ஃபாயிலுக்கு உரியவை. இறக்கையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்தை ஏர்ஃபாயில் என்கிறோம். அதன் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் சேர்க்கும் நேர்கோடு நாண். 2412 என்ற எண்ணிலேயே வடிவம் ஒளிந்திருக்கிறது. முதல் 2, நாணின் நீளத்தில் 2 சதவீதம் அளவுக்கு இந்த வடிவம் மேல்நோக்கி வளைந்திருக்கிறது என்கிறது. அடுத்த 4, அந்த வளைவு முன்விளிம்பிலிருந்து 40 சதவீதத் தொலைவில் உச்சத்தை அடைகிறது என்கிறது. கடைசி 12 தடிமன்: நாணில் 12 சதவீதம். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட சிறு விமானமான செஸ்னா 172-இன் இறக்கை இந்த வடிவத்தை வைத்துத்தான் செய்யப்பட்டது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த விமானத்தையே துணைக்கு வைத்துக்கொள்கிறேன்.

தாக்குகோணம் என்ன என்பதை இங்கேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எதிரே வரும் காற்றின் திசைக்கும் நாணுக்கும் இடையிலுள்ள கோணம் அது. தரையோடும் தொடுவானத்தோடும் அதற்கு உறவு கிடையாது. விமானத்தின் மூக்கு சமமாக இருந்தும், விமானம் வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால், காற்று கீழிருந்து மேலாக இறக்கையில் வந்து மோதும். தாக்குகோணம் பெரிதாக இருக்கும். இந்த வேறுபாடு பின்னால் உயிர்போகும் விஷயமாக வரும்.

மேட்டில் ஏற முடியாத காற்று

கோணம் கூடக் கூடத் தூக்குவிசை கூடுவது எவருக்கும் இயல்பாகவே படும். இறக்கை காற்றை இன்னும் செங்குத்தாகக் கீழே திருப்புகிறது. அதற்குப் பதிலாகக் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. அப்படியிருக்க, ஒரு கட்டத்தில் இது ஏன் நின்றுபோக வேண்டும்? பதில் இறக்கையின் மேல்பரப்பில் இருக்கிறது.

முன்விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும் காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுக்கும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. இறக்கையின் மூக்குக்கு, அதாவது முன்விளிம்புக்கு, சற்றுப் பின்னால் அழுத்தம் மிகக் குறைவான ஓர் இடம் உருவாகிறது. இறக்கையை மேலே உறிஞ்சும் விசையின் பெரும்பங்கு அங்கிருந்துதான் கிடைக்கிறது. இதுவரை எல்லாம் நல்லபடியாகப் போகிறது. ஆனால் அதே காற்று பின்விளிம்பை அடையும்போது, சுற்றியுள்ள காற்றின் சாதாரண அழுத்தத்துக்குப் பக்கத்தில் திரும்பி வந்தாக வேண்டும். அதாவது மூக்குக்கு அருகே பள்ளத்தில் இறங்கிய காற்று, மீதி வழி முழுவதும் குறைந்த அழுத்தத்திலிருந்து கூடிய அழுத்தத்தை நோக்கி ஏற வேண்டியிருக்கிறது. முன்னால் உள்ள அழுத்தம் அதைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

சைக்கிளில் ஒரு பள்ளத்தில் இறங்கி, மிதிக்காமல் எதிர்மேட்டில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். இறக்கத்தில் சேர்த்த வேகமே மேட்டில் ஏற்றிவிடும். உராய்வே இல்லையென்றால் கிளம்பிய உயரத்துக்கே போய்ச் சேரலாம். பிரேக் கட்டை சக்கரத்தில் உரசிக்கொண்டே இருந்தால்? பாதி மேட்டிலேயே வண்டி நின்று, பின்னால் உருளத் தொடங்கும்.

இறக்கையிலும் அப்படி உரசப்பட்டு வேகம் இழந்த காற்று உண்டு. பரப்பை ஒட்டிய காற்று பரப்போடு ஒட்டிக்கொண்டு நின்றே விடுகிறது. அதற்கு மேலே உள்ளது மெல்ல நகர்கிறது; அதற்கும் மேலே உள்ளது இன்னும் கொஞ்சம் வேகமாக. இப்படி சுழியிலிருந்து முழு வேகம்வரை மாறும் மெல்லிய அடுக்குக்கு எல்லைப்படலம் என்று பெயர். லுட்விக் பிராண்ட்டல் என்ற ஜெர்மானியர் 1904-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். செஸ்னா அளவுள்ள இறக்கையில் அதன் தடிமன் முன்பக்கம் மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தொடங்கி, பின்பக்கம் போகப்போகச் சில சென்டிமீட்டராகலாம். விமானத்தின் முழு எடையையும் தாங்கும் காற்றோட்டம் இவ்வளவு மெல்லிய ஒரு படலத்தை நம்பியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

படலத்துக்கு வெளியே உள்ள காற்றிடம் போதுமான வேகம் இருக்கிறது, மேட்டில் ஏறிவிடும். படலத்தின் அடியில் உள்ள சோர்ந்த காற்றிடம் அது இல்லை. சிறிய கோணங்களில் மேடு சரிவாக இருப்பதால், வெளியே உள்ள வேகமான காற்று உள்ளே இருப்பதை இழுத்துக்கொண்டு போய்க் கரைசேர்த்துவிடுகிறது. கோணம் கூடும்போது காற்று மூக்கை இன்னும் கூர்மையாக வளைந்து சுற்ற வேண்டியிருக்கிறது. மூக்கருகே உள்ள பள்ளம் ஆழமாகிறது, முன்னோக்கியும் நகர்கிறது. ஆகவே மேடு செங்குத்தாகிக்கொண்டே போகிறது. ஏதோ ஒரு புள்ளியில் அடிக்காற்று நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் பின்னோக்கி, அதாவது பின்விளிம்பிலிருந்து மூக்கை நோக்கி, ஓட ஆரம்பிக்கிறது. பின்னால் வரும் காற்றுக்கு இப்போது பரப்பை ஒட்டிப் போக வழியில்லை. அது பரப்பைவிட்டு எழும்பி, நடுவில் சுழல்கள் நிறைந்த ஒரு சோம்பலான பகுதியை விட்டுவிட்டு மேலாகப் போகிறது. இதுதான் ஓட்டப் பிரிவு.

பிரிவு நடந்தால் தூக்குவிசை ஏன் குறைய வேண்டும்? இறக்கை என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதைவிட, காற்று எந்த வடிவத்தைப் பார்க்கிறது என்பதுதான் முக்கியம். பிரிந்துபோன ஓட்டம் இறக்கையின் பின்பகுதியின் சரிவைப் பார்ப்பதில்லை. சுழல்களால் நிரம்பித் தடித்துப்போன ஒரு உடலைத்தான் பார்க்கிறது. காற்று முன்போல் கீழே திருப்பப்படுவதில்லை. அந்தத் திருப்பம் குறைந்ததும் மூக்கருகே இருந்த ஆழமான உறிஞ்சலும் சரிந்துவிடுகிறது.

இந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்பது ஏர்ஃபாயிலின் தடிமனைப் பொறுத்தது. தடித்த, உருண்டை மூக்குள்ள வடிவங்களில் பின்விளிம்பில் தொடங்கி, கோணம் ஏற ஏற மெதுவாக முன்னேறும். வரைபடத்தின் உச்சி வட்டமாக இருக்கும். விமானிக்கும் முன்கூட்டியே தெரியும். மெல்லிய வடிவங்களில் மூக்கை ஒட்டியே ஓட்டம் திடீரென்று பிரிந்துவிடலாம். அப்போது உச்சி கூராக இருக்கும். குணகம் தடாலென்று விழும். அதனால் ஒரு ஏர்ஃபாயிலின் தரவைப் பார்க்கும்போது உச்சியின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, உச்சியின் உருவத்தையும் பார்க்க வேண்டும். கூர்மையான உச்சிக்கு அப்பால் இருபுற இறக்கைகளில் ஒன்று கொஞ்சம் முன்னதாக ஸ்டால் ஆனால், அந்தப் பக்கம் விமானம் சாய்ந்துவிடும்.

பிரிவைக் கண்ணால் பார்க்கவும் முடியும். சோதனை விமானங்களின் இறக்கைமேல் சின்னச் சின்ன நூல்துண்டுகளை வரிசையாக ஒரு முனையில் மட்டும் ஒட்டிவைப்பார்கள். ஓட்டம் ஒட்டியிருக்கும் இடத்தில் நூல்கள் எல்லாம் வாரிச் சீவிய முடி போலப் பின்னோக்கிப் படிந்திருக்கும். பிரிந்த இடத்தில் துடித்து எழும்பும். சில அப்படியே திரும்பி மூக்கைக் காட்டும். மூக்கை மெதுவாக உயர்த்தும்போது அந்தத் துடிப்பு பின்விளிம்பிலிருந்து முன்னோக்கிப் பரவுவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொன்ன சைக்கிள் கதை தேவைப்படாது.

இன்னொன்று. ஸ்டால் என்றால் தூக்குவிசை சுழியாகிவிடுகிறது என்று நினைத்துக்கொள்வது தவறு. 1.6-இல் இருந்த குணகம் 1-க்குப் பக்கத்தில் விழலாம். அதுவும் கணிசமான விசைதான். ஆனால் விமானத்தின் எடையைத் தாங்க அது போதாது. கூடவே, விமானத்தைக் காற்று பின்னோக்கி இழுக்கும் இழுவிசை பல மடங்கு எகிறிவிடும். எடையைத் தாங்காததால் விமானம் கீழிறங்குகிறது. கீழிறங்குவதால் காற்று கீழிருந்து வருகிறது. அதனால் தாக்குகோணம் இன்னும் கூடுகிறது. இறங்குகிறதே என்று விமானி மூக்கை மேலும் தூக்கினால், நோய்க்கு அதே நோயை மருந்தாகக் கொடுத்தது போலாகிவிடும். மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக் கடலில் விழுந்தது இப்படித்தான். அதில் இருந்த 228 பேரும் இறந்தார்கள். கருவிகளில் பதிவான கடைசி அளவுகளில் மூக்கு தொடுவானத்துக்கு மேலே 16 டிகிரி உயர்ந்திருந்தது. அதே கணத்தில் விமானம் முன்னோக்கி விநாடிக்குச் சுமார் 55 மீட்டர், கீழ்நோக்கியும் விநாடிக்குச் சுமார் 55 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் சமம் என்றால் பயணப்பாதை 45 டிகிரி கீழ்நோக்கி இருக்கிறது. மூக்கின் 16 டிகிரியையும் சேர்த்தால் தாக்குகோணம் ஏறத்தாழ 60 டிகிரி. மூக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. இறக்கையோ நம் வரைபடத்தின் வலது ஓரத்தையும் தாண்டி எங்கோ இருந்தது. தொடுவானத்தை வைத்துக் கோணத்தை அளக்கக் கூடாது என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

குணகம் எதற்கு?

சரி, இனி அந்தப் பக்கவாட்டு அச்சுக்கு வருவோம். காற்றுச் சுரங்கத்தில் ஒரு மாதிரி இறக்கையை வைத்து அளக்கும்போது கிடைப்பது நியூட்டனில் ஒரு விசை. அதை அப்படியே வைத்துக்கொண்டு வேறு அளவு இறக்கைக்கோ, வேறு வேகத்துக்கோ, வேறு உயரத்துக்கோ பயன்படுத்த முடியாது. அதனால் விசையிலிருந்து வேகம், பரப்பு, காற்றின் அடர்த்தி மூன்றின் பங்கையும் வகுத்து எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வடிவமும் கோணமும் மட்டும் சொல்லும் ஒரு வெற்று எண். அதுதான் தூக்குக் குணகம். திரும்ப விசையைப் பெற, எடுத்ததையெல்லாம் மறுபடி பெருக்கினால் போதும்:

```
L = ½ × ρ × V² × S × CL
```

L தூக்குவிசை, ρ காற்றின் அடர்த்தி, V வேகம், S இறக்கையின் பரப்பு, CL குணகம். என்ஏசிஏ 2412-இன் வரைபடத்திலிருந்து படித்தால், −2 டிகிரியில் குணகம் சுழி. வடிவமே மேல்நோக்கி வளைந்திருப்பதால், சற்றே கீழே சாய்ந்திருக்கும்போதுதான் தூக்குவிசை இல்லாமல் போகிறது. அங்கிருந்து ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.105 கூடுகிறது. 4 டிகிரியில் 0.63, 8 டிகிரியில் 1.05. இதே கணக்கில் 12 டிகிரியில் 1.47 வர வேண்டும். ஆனால் அளந்த புள்ளி அதைவிடக் கீழே இருக்கும். நேர்கோட்டுக்கும் அளந்த வளைவுக்கும் இடையே இப்படி இடைவெளி திறக்கத் தொடங்குவதுதான் பின்விளிம்பில் பிரிவு தொடங்கிவிட்டதற்கான அடையாளம். உச்சியில் குணகம் ஏறத்தாழ 1.6.

இப்போது செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 172எஸ் வகையின் உச்ச எடை 1157 கிலோ. விசையாகச் சொன்னால் 11,350 நியூட்டன். இறக்கைப் பரப்பு 16.2 சதுர மீட்டர். கடல்மட்டத்தில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.225 கிலோ. நேராக, ஒரே உயரத்தில் பறக்கும்போது தூக்குவிசை எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆகவே L தெரியும், V-ஐ நாம் தேர்ந்தெடுக்கிறோம், CL எவ்வளவு வேண்டும் என்று கணக்குச் சொல்லிவிடும்.

குணகத்திலிருந்து கோணத்துக்குப் போகும் முன் ஒரு திருத்தம் தேவை. வரைபடம் முடிவில்லாமல் நீண்ட இறக்கைக்கானது. உண்மையான இறக்கைக்கு இரண்டு நுனிகள் உண்டு. அங்கே கீழிருந்து மேலே காற்று நழுவி, இறக்கைமேல் வரும் காற்றையே கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுகிறது. அதனால் ஒரே குணகத்தைப் பெற இன்னும் கொஞ்சம் கூடுதல் கோணம் வேண்டும். செஸ்னாவின் நீள அகல விகிதத்துக்கு, டிகிரிக்கு 0.105 என்பது சுமார் 0.082 ஆகிறது. இதை வைத்துக்கொண்டு போட்டால்:

| வேகம் (கி.மீ./மணி) | தேவையான CL | தாக்குகோணம் (டிகிரி) |
|---|---|---|
| 220 | 0.31 | 1.7 |
| 160 | 0.58 | 5.1 |
| 130 | 0.88 | 8.7 |
| 110 | 1.23 | 12.9 |

இந்தச் சின்ன அட்டவணையை நிதானமாகப் பார்க்க வேண்டும். 220-இலிருந்து 160-க்கு வந்தபோது 60 கி.மீ. வேகம் குறைந்தது, கோணம் 3.4 டிகிரிதான் கூடியது. 130-இலிருந்து 110-க்கு வெறும் 20 கி.மீ. குறைப்புக்கு 4.2 டிகிரி கூடிவிட்டது. வேகத்தின் இருமடி கணக்கில் வருவதால், மெதுவாகப் போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டர் குறைவும் முன்னதைவிட அதிகக் கோணத்தைத் தின்கிறது. தரையிறங்கும்போது விமானிகள் வேகத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பதன் காரணம் இந்தக் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது.

அட்டவணை எங்கே முடியும்? தேவையான CL உச்சியைத் தொடும் இடத்தில். கணக்கைத் திருப்பிப் போடலாம். CL-க்கு 1.6 என்று வைத்து V-ஐக் கண்டுபிடித்தால் விநாடிக்கு 26.7 மீட்டர், அதாவது மணிக்கு 96 கி.மீ. வருகிறது. ஆனால் உண்மை இறக்கையின் எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் தங்கள் உச்சியை எட்டுவதில்லை. ஒரு பகுதி முன்னதாக ஸ்டால் ஆகிவிட, மொத்த இறக்கையின் உச்சக் குணகம் ஏர்ஃபாயிலின் எண்ணைவிடக் குறைகிறது. 10 சதவீதம் கழித்து 1.44 என்று வைத்தால் மணிக்கு 101 கி.மீ. இனி விமானத்தின் கையேட்டைத் திறந்து பார்ப்போம். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் தகடுகளை நீட்டாமல், எஞ்சின் சக்தி இல்லாமல் ஸ்டால் வேகம் மணிக்கு 53 கடல்மைல். நமக்குப் பழகிய அளவில் 98 கி.மீ. நாம் போட்ட இரண்டு எண்களுக்கும் நடுவில் சரியாக வந்து உட்கார்கிறது. சுரங்கத்தில் ஒரு சிறு துண்டு இறக்கையை வைத்து அளந்த எண், வானத்தில் ஒரு முழு விமானம் எந்த வேகத்தில் கைவிடும் என்பதை இவ்வளவு நெருக்கமாகச் சொல்கிறது.

ஃபிளாப்பை முழுவதும் இறக்கினால் கையேடு சொல்லும் வேகம் 48 கடல்மைல், அதாவது 89 கி.மீ. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் இறக்கையின் உச்சக் குணகம் 1.54-இலிருந்து 1.88-க்குப் போயிருப்பது தெரியும். ஃபிளாப் என்பது வடிவத்தின் வளைவைக் கூட்டி, முழு வரைபடத்தையும் மேலே தூக்கிவைக்கும் கருவி.

வடிவமைப்பாளர்கள் இறக்கையை நுனிப்பக்கம் சில டிகிரி கீழ்நோக்கித் திருகிவைப்பதும் இதே தரவை வைத்துத்தான். செஸ்னாவில் அது உண்டு. நுனியின் கோணம் எப்போதும் அடிப்பகுதியைவிடக் குறைவாக இருப்பதால், முதலில் ஸ்டால் ஆவது உடலை ஒட்டிய பகுதி. அப்போது கலங்கிய காற்று வாலில் வந்து அடித்து விமானம் அதிரும். விமானிக்கு அது எச்சரிக்கை. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க உதவும், நுனியில் உள்ள ஏலரான் தகடு இன்னும் ஒட்டிய காற்றில் இருப்பதால், பக்கவாட்டில் சமன்செய்யும் திறன் கைவிட்டுப் போகாது.

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

98 கி.மீ. என்பது ஸ்டால் வேகம் என்று மனப்பாடம் செய்துகொள்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மாறாமல் இருப்பது கோணம்தான். வேகம் மாறிக்கொண்டே இருக்கும். விமானம் 60 டிகிரி சாய்ந்து, உயரம் இழக்காமல் திரும்புகிறது என்று வையுங்கள். தூக்குவிசையின் பாதிதான் இப்போது மேல்நோக்கி இருக்கிறது. ஆகவே இறக்கை எடையைப்போல் இருமடங்கு தூக்க வேண்டும். சமன்பாட்டில் L இருமடங்கானால், அதே உச்சக் குணகத்துக்கு V இரண்டின் வர்க்கமூலம் மடங்காக வேண்டும். 98 என்பது 139 ஆகிவிட்டது. நேராகப் பறக்கும்போது 130-இல் நிம்மதியாக இருந்த அதே விமானம், இந்தத் திருப்பத்தில் 130-இல் பறக்கவே முடியாது. சாய்வு 45 டிகிரி என்றால் 117. ஓடுபாதையை நோக்கிக் கடைசியாகத் திரும்பும்போது, தாழ்வாகவும் மெதுவாகவும் இருக்கும் நேரத்தில் விமானி திருப்பத்தை இறுக்கினால் என்ன ஆகும் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

தரவை வேறு அளவுக்கு எடுத்துப்போகும்போது இன்னொரு தவறு நடக்கும். ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் ஒரு ரெனால்ட்ஸ் எண் எழுதியிருக்கும். வேகத்தையும் நாணின் நீளத்தையும் பெருக்கி, காற்றின் பிசுபிசுப்போடு ஒப்பிடும் எண் அது. ஸ்டால் வேகத்தில் செஸ்னாவுக்கு அது ஏறத்தாழ 28 லட்சம். 20 சென்டிமீட்டர் நாணுள்ள மாதிரி விமானம் விநாடிக்கு 10 மீட்டரில் பறந்தால் சுமார் 1.4 லட்சம்தான். வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லைப்படலம் ஒன்றாக இருப்பதில்லை. பெரிய எண்ணில் படலம் சீக்கிரமே கொந்தளிப்பாக மாறிவிடும். அந்தக் கொந்தளிப்பு வெளியே உள்ள வேகமான காற்றை அடிவரை கலந்துவிடுவதால், மேட்டில் ஏறச் சோர்ந்த காற்றுக்குத் துணை கிடைக்கிறது. சிறிய எண்ணில் படலம் அடுக்கடுக்காக அமைதியாகவே ஓடும். பார்க்க நல்லதாகத் தோன்றினாலும், மேட்டைக் கண்டதும் முதலில் பிரிவது அதுதான். ஆகவே மாதிரி விமானம் செய்கிறவர் 30 லட்சத்துக்கான வரைபடத்திலிருந்து 1.6-ஐ எடுத்துக்கொண்டால், அவருடைய விமானம் கணக்கைவிட வேகமான ஓட்டத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். தன் அளவுக்கு நெருக்கமான ரெனால்ட்ஸ் எண்ணில் அளந்த தரவைத் தேடி எடுப்பதுதான் அங்கே முதல் வேலை.

மூன்றாவது, பரப்பின் சுத்தம். சுரங்கத்தில் அளந்த மாதிரிகள் கண்ணாடி போல் மழுமழுப்பானவை. குளிர்ந்த இரவில் வெளியே நின்ற விமானத்தின் இறக்கைமேல் உறைபனி படிந்திருந்தால், அது பெயின்ட் அளவு மெல்லியதாக இருந்தாலும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது. ஏற்கெனவே உரசலால் சோர்ந்திருக்கும் படலத்தை அது இன்னும் சோர்வாக்கும். அப்படிப்பட்ட உறைபனி தூக்குவிசையை 30 சதவீதம்வரை குறைக்கலாம் என்று விமானிகளுக்கு எச்சரிக்கப்படுகிறது. உச்சக் குணகம் 1.54-இலிருந்து 1.08-க்கு விழுந்தால், ஸ்டால் வேகம் 98-இலிருந்து 117-க்கு ஏறுகிறது. ஓடுபாதையில் வழக்கமான வேகத்தில் மூக்கைத் தூக்கும் விமானிக்கு இறக்கை பதில் சொல்லாமல் போவது இதனால்தான்.

செஸ்னா 172-இன் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதற்கு மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. கோணம் கூடும்போது மூக்கருகே உள்ள உறிஞ்சல் பகுதி முன்னோக்கி நகரும் என்று முன்பு பார்த்தோம்; அது முன்விளிம்பைச் சுற்றிக் கீழேயும் இறங்கி வரும். அது அந்தத் துளையை எட்டியதும் உள்ளிருந்து காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று ஒரு நாக்குத் தகட்டின் வழியாகப் போய், ஊதல் போல ஒலி எழுப்புகிறது. ஸ்டாலுக்குச் சில கடல்மைல் வேகம் முன்னதாகவே சத்தம் வந்துவிடும். அது வேகத்தை அளக்கவில்லை, கோணத்தைத்தான் உணர்கிறது. அதனால் 60 டிகிரி திருப்பத்தில், வேகமானி 145 காட்டும்போதும் சரியாக ஒலிக்கும். ஆனால் துளையின் இடம் சுத்தமான இறக்கையின் தரவைப் பார்த்து வைக்கப்பட்டது. உறைபனி படிந்த இறக்கை அந்தக் கோணத்தை எட்டும் முன்பே ஸ்டால் ஆகிவிடும். ஊதல் அப்போது ஒலித்திருக்காது. காலையில் பறக்கக் கிளம்பும் விமானி, இறக்கையின் மேல்பரப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே ஏற வேண்டும்.